யாரோ, யாராவது, யாரும்: கோடிட்ட இடங்களை நிரப்புங்கள்

ஞாயிறு மாலை வகுப்பு, திருப்பூர். பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிற, ஹிந்தி பேசும் நண்பர்களுக்கான பயிற்சித்தாள்.

போன வாரம் ஒருவர் பலகையில் "மெஸ்ஸில் யாரோ இல்லை" என்று எழுதினார். மெஸ் காலியாக இருந்தது என்பதைத்தான் சொல்ல வந்தார். ஆனால் அதைப் படித்தால், எல்லாரும் இருக்கிறார்கள், ஒரே ஒருத்தரை மட்டும் காணோம், அது யார் என்று தெரியவில்லை என்பதுபோல ஆகிவிடுகிறது. "யாரும் இல்லை" என்றிருந்தால் சரி.

இது ஹிந்தியால் வருகிற தடுமாற்றம். ஆள் வந்திருந்தாலும் "கோயி", ஆள் இருக்கிறாரா என்று கேட்டாலும் "கோயி", ஆளே இல்லை என்றாலும் "கோயி". தமிழில் அந்த ஒரு சொல்லுக்கு மூன்று வால் உண்டு. எந்த வால் என்று கண்டுபிடிக்கக் கோட்டை முறைத்துப் பார்க்க வேண்டாம். வாக்கியத்தின் கடைசிக்குப் போய் வினையைப் பாருங்கள்.

வினை, நடந்ததை அல்லது நடப்பதைச் சொல்கிறது, ஆள்தான் தெரியவில்லை என்றால் ஓ: யாரோ, ஏதோ, எங்கேயோ.
கேள்வி, வேண்டுகோள், "வந்தால்" போன்ற நிபந்தனை என்றால் ஆவது: யாராவது, ஏதாவது, எங்கேயாவது. கம்பெனியில் தினமும் காதில் விழுகிற "யாராச்சும்", "ஏதாச்சும்" இதுதான். எழுதும்போது "ஆவது".
இல்லை, மாட்டேன், முடியாது, கூடாது, வேண்டாம் என்று முடிந்தால் உம்: யாரும், எதுவும், ஒன்றும், எங்கேயும்.

பயிற்சி 1. சரியான சொல்லை எடுத்து எழுதுங்கள்.

1. ______ கதவைத் தட்டுகிறார்கள். போய்ப் பாருங்கள். (யாரோ / யாரும்)
2. ரூமில் ______ இருக்கிறார்களா? (யாராவது / யாரோ)
3. மணி ஒன்பது ஆகிவிட்டது. இன்னும் ______ வரவில்லை. (யாரோ / யாரும்)
4. என் பைக்குள் ______ அசைகிறது! (எதுவும் / ஏதோ)
5. பசிக்கிறது. சாப்பிட ______ இருக்கிறதா? (ஏதாவது / ஏதோ)
6. சட்டியில் ______ இல்லை. கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். (ஏதோ / ஒன்றும்)
7. சைக்கிள் சாவியை ______ வைத்துவிட்டேன். (எங்கேயும் / எங்கேயோ)
8. இன்று லீவுதானே, ______ போகலாமா? (எங்கேயாவது / எங்கேயோ)
9. எனக்குக் காய்ச்சல். இன்று ______ போக மாட்டேன். (எங்கேயோ / எங்கேயும்)

பயிற்சி 2. இப்போது வினையை நிரப்புங்கள்.

"யாரோ" என்று சொன்னால் பெரும்பாலும் "வந்தார்கள்" என்று பன்மையில் முடிப்போம். வந்தது ஒரே ஆளாக இருக்கலாம். ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா என்று தெரியாதபோது "ஆர்கள்" போட்டால் யாருக்கும் மரியாதை குறையாது. "ஏதோ" வந்தால் "அது". "இல்லை"யில் முடிகிற வாக்கியத்தில் இந்தக் கவலையே கிடையாது: நான் வரவில்லை, அவள் வரவில்லை, அவர்கள் வரவில்லை, யாரும் வரவில்லை. தமிழ் உங்களுக்குத் தருகிற சலுகை இது, வாங்கிக்கொள்ளுங்கள்.

10. யாரோ உங்களைத் தேடி ______. (வந்தது / வந்தார்கள்)
11. ஏதோ மேலேயிருந்து ______. (விழுந்தது / விழுந்தார்)
12. யாரோ ஒருவன் என் செருப்பைப் போட்டுக்கொண்டு ______. (போய்விட்டது / போய்விட்டான்)
13. நாளைக்கு லீவு என்று யாரும் எனக்குச் ______. (சொன்னார்கள் / சொல்லவில்லை)
14. எல்லா இடத்திலும் தேடினேன். சாவி எங்கேயும் ______. (கிடைக்கவில்லை / கிடைத்தது)

பயிற்சி 3. வால் எங்கே வரும்?

முதலில் ஐ, கு, இடம் போன்ற உருபு. அதற்குப் பிறகுதான் ஓ, ஆவது, உம். யாரை + ஓ = யாரையோ. யாருக்கு + உம் = யாருக்கும். ரயிலில் இன்ஜின் முன்னால், கார்டு பெட்டி கடைசியில் என்பது மாதிரி, இந்த வால் எப்போதும் கடைசிப் பெட்டி.

15. சூப்பர்வைசர் ______ திட்டிக்கொண்டிருக்கிறார். (யாரோவை / யாரையோ)
16. போனுக்கு வருகிற ஓடிபி எண்ணை ______ சொல்லக் கூடாது. (யாரிடமும் / யாரும்இடம்)
17. வழி தெரியாவிட்டால் ______ கேளுங்கள். (யாராவதிடம் / யாரிடமாவது)
18. இவ்வளவு சம்பளம் வந்தது என்று ______ தெரிய வேண்டாம். (யாருக்கும் / யாரும்கு)

பயிற்சி 4. பெட்டியில் உள்ள சொற்களால் கதையை முடியுங்கள்.

பெட்டி: யாரும் (2 முறை), யாராவது (2 முறை), யாரோ, ஏதோ, எங்கேயும், எங்கேயோ

சாயங்காலம் ரூமுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன், உள்ளே (19) ______ இல்லை. ஆனால் அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. (20) ______ இப்போதுதான் வெளியே போயிருக்கிறார்கள். "பாத்ரூமில் (21) ______ இருக்கிறீர்களா?" என்று கத்தினேன். (22) ______ பதில் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் (23) ______ நகர்ந்தது. குனிந்து பார்த்தால் பூனை.

டீயை இறக்கி வைத்துவிட்டு என் போனைத் தேடினேன். (24) ______ காணவில்லை. பக்கத்து ரூமுக்குப் போய், "என் நம்பருக்கு (25) ______ ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்" என்றேன். (26) ______ மெதுவாக மணி அடித்தது. சத்தம் வந்த பக்கம் போனேன். அரிசி டப்பாவுக்குள் இருந்தது.

விடைகள் (முதலில் எழுதுங்கள், அப்புறம் பாருங்கள்)

பயிற்சி 1: 1 யாரோ, 2 யாராவது, 3 யாரும், 4 ஏதோ, 5 ஏதாவது, 6 ஒன்றும், 7 எங்கேயோ, 8 எங்கேயாவது, 9 எங்கேயும்.

ஆறாவதில் "எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தாலும் சரிதான். இரண்டாவதில் சிலர், "ரூமில் யாரும் இருக்கிறார்களா?" என்று தெருவில் கேட்டிருக்கிறோமே என்பார்கள். கேட்டிருப்பீர்கள், தப்பில்லை. ஆனால் எழுதிப் பழகும்போது கேள்விக்கு "ஆவது" என்றே வைத்துக்கொள்ளுங்கள், குழப்பம் குறையும்.

பயிற்சி 2: 10 வந்தார்கள், 11 விழுந்தது, 12 போய்விட்டான், 13 சொல்லவில்லை, 14 கிடைக்கவில்லை.

பன்னிரண்டில் முடிவைத் தீர்மானிப்பது "ஒருவன்" என்ற சொல். ஒருத்தி என்றால் போய்விட்டாள், ஒருவர் என்றால் போய்விட்டார். செருப்பைத் தூக்கிக்கொண்டு போன ஆளுக்கு "ஒருவர்" என்ற மரியாதை வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

பயிற்சி 3: 15 யாரையோ, 16 யாரிடமும், 17 யாரிடமாவது, 18 யாருக்கும். பதினாறாவதைப் பலகையில் நான்கு முறை எழுதச் சொல்வேன், இலக்கணத்துக்காக மட்டும் அல்ல.

பயிற்சி 4: 19 யாரும், 20 யாரோ, 21 யாராவது, 22 யாரும், 23 ஏதோ, 24 எங்கேயும், 25 யாராவது, 26 எங்கேயோ.

24, 26 இரண்டையும் மாற்றி எழுதியவர்கள் வினைக்குத் திரும்பிப் போங்கள். "காணவில்லை" என்பதில் இல்லை இருக்கிறது, அதனால் "உம்". மணி நிஜமாகவே அடித்தது, இடம்தான் தெரியவில்லை, அதனால் "ஓ".

கடைசியாக ஒரு பொறி. "எப்போதும்", "எல்லாரும்" இரண்டிலும் "உம்" இருக்கிறது, ஆனால் இவற்றுக்கு இல்லை, மாட்டேன் தேவையில்லை. "பழைய பஸ் ஸ்டாண்டில் எப்போதும் கூட்டம்", "எல்லாரும் வந்துவிட்டார்கள்" என்று நேராகவே எழுதலாம். ஒரு தடவைகூட இல்லை என்று சொல்ல "ஒருபோதும்" என்று தனிச் சொல் இருக்கிறது: "நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை." இதை வகுப்பில் எழுதியவர் அன்றைக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்து, ரயில்வே கேட் மூடியிருந்தது என்று சொன்னவர்.