தரம் 4 'ஆ' வகுப்பு: பதிற்கடமை ஆசிரியருக்கான குறிப்பும் புதன்கிழமை வேலைத்திட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வலயக் கல்விப் பணிமனையில் நடைபெறும் பயிற்சிக்கு நான் செல்வதால், புதன்கிழமை முழுநாளும் இவ்வகுப்பை நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள். பிள்ளைகள் 31 பேர். மேசையின் முதல் இழுப்பறையில் வரவு இடாப்பும் இருக்கை வரைபடமும் உள்ளன. இக்குறிப்பு மேசையில் திறந்து கிடக்கக்கூடும் என்பதால் பிள்ளைகளின் பெயர்களை இதில் எழுதவில்லை. கீழே சொல்லப்படும் ஒவ்வொருவரும் வரைபடத்தில் சிவப்பு மையினால் குறிக்கப்பட்டிருக்கின்றனர்.

முதலில் அறிய வேண்டியவை நான்கு. யன்னலோர இரண்டாம் வரிசை மாணவிக்குத் தொய்வு இருப்பதால், வெண்கட்டித் தூசி அவரை அண்டாதபடி கரும்பலகையை ஈரத்துணியால் துடைப்பிக்கவும்; மூச்சு வாங்கினால் அவரது புத்தகப்பையின் முன்பகுதியிலுள்ள இன்ஹேலரை உடனே கொடுத்து, பகுதித் தலைவருக்கு ஆளனுப்பவும். கடைசி வரிசையில் ஒருவருக்குக் கச்சான் ஒவ்வாது; ஆகையால் இடைவேளையில் உணவைப் பகிர்ந்துண்ண விடவேண்டாம். முன்வரிசை இடப்புற மாணவருக்கு வலக்காது சரியாகக் கேட்பதில்லை. கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால் அவர் எதையும் பின்தொடர மாட்டார். இன்னொருவரை அவருடைய அம்மம்மாவிடம் மட்டுமே ஒப்படைக்கலாம். வேறு எவர் வந்து கேட்டாலும், உறவினர் என்று சொன்னாலும், அதிபரிடம் அனுப்பவும்.

காலை 7.30 மணிக்குப் பிரார்த்தனை; அது முடிந்ததும் இடாப்பைக் குறித்து, 7.50 மணிக்கு முதலாம் பாடவேளையைத் தொடங்கலாம். பாடவேளை ஒவ்வொன்றும் 40 நிமிடம்.

முதலிரண்டு பாடவேளைகளும் கணிதத்துக்குரியவை. மீதி வரும் வகுத்தலில் நிற்கிறோம். புதிய அலகைத் தொடங்க வேண்டாம். 38 ஐ 5 ஆல் வகுக்கச் சொன்னால், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் "6, மீதி 8" என்று எழுதுகின்றனர். ஐயாறு முப்பதுடன் எட்டைக் கூட்டினால் 38 வந்துவிடுவதால், சரிபார்த்தாலும் பிழை அவர்களுக்குத் தெரிவதில்லை. விடை பிழையென்று சொல்லிவிடாமல், அலுமாரியிலுள்ள புளியங்கொட்டைகளைக் கொடுத்து, மீதமுள்ள எட்டிலிருந்து இன்னொரு ஐந்து எடுக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். மீதி எப்போதும் வகுக்கும் எண்ணிலும் சிறியதாக இருக்கவேண்டும் என்பதை அவர்களே கண்டு சொல்லும்வரை காத்திருப்பது நல்லது. அதன்பின் 47 ஐ 6 ஆலும், 59 ஐ 8 ஆலும் வகுத்துக் கொப்பியில் எழுதட்டும். விரைவாக முடிக்கும் நால்வர் உளர். அவர்களுக்கு "7 ஆல் வகுக்கும்போது மீதி 3 வரும் எண்கள் ஐந்து எழுதுக" என்பதைக் கொடுத்தால் வகுப்பு அமைதியாக இருக்கும்.

மூன்றாம் பாடவேளையில் ஆங்கில ஆசிரியர் வருவார். நான்காவது சைவநெறி, கத்தோலிக்கப் பிள்ளைகள் அறுவர் நூலகத்துக்குச் சென்று தமக்குரிய ஆசிரியரிடம் படிப்பர். அவர்கள் திரும்பியதும் எண்ணிப் பார்த்துக்கொள்ளவும். இடைவேளை 10.30 முதல் 10.50 வரை.

ஐந்தாம், ஆறாம் பாடவேளைகளில் சுற்றாடல்சார் செயற்பாடுகள். பனையின் பயன்களைக் குழுக்களாகப் பேசி எழுதவேண்டும். 31 பேரும் வந்திருந்தால் நால்வர் கொண்ட ஏழு குழுக்கள் அமைந்து மூவர் மீதமாவர்; அம்மூவரை என்ன செய்வதென்று பிள்ளைகளையே கேட்டால் காலையில் படித்த கணிதம் அங்கே பயன்படும். ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி, கடகம், சுளகு ஆகியன பனையின் எந்தப் பகுதியிலிருந்து கிடைக்கின்றன என்று ஒவ்வொரு குழுவும் அட்டவணை இடட்டும். கிழங்கைப் பச்சையாகக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல் என்ற வேறுபாட்டில் பலர் தடுமாறுவர். வீட்டில் பனைவேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் வகுப்பில் உள்ளனர். கேட்டால் நம்மைவிட நன்றாக விளக்குவர், ஆனால் கேளாமல் தாமாக எழுந்து பேசமாட்டார்கள்.

ஏழாம் பாடவேளையில் தமிழ்: அட்டவணையைக் கொண்டு 'எங்கள் பனை' என்ற தலைப்பில் எட்டு வாக்கியங்கள் எழுதவேண்டும். லகர, ளகர, ழகரப் பிழைகளின் கீழ்க் கோடிட்டால் போதும், திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டாம். கடைசிப் பாடவேளையில் வாசிப்புப் பெட்டியிலுள்ள கதைநூல்களைக் கொடுக்கலாம்.

பெற்றோர் சிலர் புலமைப்பரிசில் பயிற்சித்தாள்களைக் கொடுத்தனுப்பி, வகுப்பில் செய்விக்குமாறு கேட்பதுண்டு. அடுத்த ஆண்டுப் பரீட்சைக்கு இப்போதே இத்தனை அவசரம் தேவையில்லை என்பது என் எண்ணம். தாள்களை வாங்கி இழுப்பறையில் வைத்துவிடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

சத்தம் கூடினால் உரத்துப் பேசாமல் கையை உயர்த்தி நில்லுங்கள். அந்தப் பழக்கம் அவர்களுக்கு உண்டு. பிற்பகல் 1.30 மணிக்கு வான், ஓட்டோ, நடை என மூன்று வரிசைகளாக விடவும். பயிற்சி முடியும்வரை என்னால் தொலைபேசியை எடுக்க முடியாது. ஐயமேற்பட்டால் அடுத்த அறையிலுள்ள 4 'அ' வகுப்பாசிரியையைக் கேட்கலாம். வராதவர் விபரத்தையும், எந்தக் கணக்குவரை முடிந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி இடாப்பினுள் வைத்து, அலுமாரித் திறப்பை அலுவலகத்தில் ஒப்படைக்கவும்.

நன்றியுடன்,
வகுப்பாசிரியை, தரம் 4 'ஆ'
யாழ்ப்பாணம்