சனிக்கிழமை பெட்டி ஏன் பேசவில்லை

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு மணி வரை நம் பஜாரில், போன் வழியாகப் பணம் வந்ததும் சத்தம் போட்டுச் சொல்லும் பெட்டிகளில் பாதி ஊமையாகிவிட்டன. பாத்திரக்கடையில் ஒரு அம்மாவிடம் இரண்டு தடவை பணம் வாங்கிவிட்டு, ராத்திரி கணக்கு முடிக்கும்போதுதான் தெரிந்து, மறுநாள் வீடு தேடிப் போய்த் திருப்பிக் கொடுத்தார்கள். மளிகைக்கடையில் நேர்மாறு. ‘பெட்டிதான் இன்னைக்குப் பேசலையே’ என்று போனில் பச்சை டிக்கைக் காட்டிவிட்டு ஒருவர் 1,850 ரூபாய் சாமானோடு போய்விட்டார். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. ‘பெட்டி கொடுத்த கம்பெனிக்காரன் பணத்தை அமுக்கிட்டானா?’ என்று ஆளாளுக்குக் கேட்டதால், செயலாளர் அண்ணாச்சி என்னைப் பேசச் சொன்னார்.

முதலில் ஒன்று: பணம் அந்தப் பெட்டிக்குள் வருவதே இல்லை. பெட்டி வெறும் தண்டோராக்காரன். பணம் போகும் பாதை வேறு. சாமான் வாங்குபவர் தன் போனில் ரகசிய எண்ணை அழுத்தியதும் அவருடைய பேங்க்கில் பணம் கழிகிறது. நடுவில் என்பிசிஐ என்ற அமைப்பு இருந்து, பணம் பெறும் தரப்பு பேங்க்குக்குச் சொல்லி வரவு வைக்கச் செய்கிறது. இது முடிந்த பிறகுதான் கம்பெனி பெட்டிக்குத் தகவல் அனுப்பும். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. அதற்கு சிக்னல் இருந்தால் கத்தும், இல்லையென்றால் பேசாமல் இருக்கும். பேட்டரி இருப்பதால் லைட் மட்டும் எரியும். அதைப் பார்த்துத்தான் நாம் ஏமாந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை 14 கடைப் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். ஊமையான ஒன்பதிலும் ஒரே நெட்வொர்க் சிம். பேசிய ஐந்திலும் வேறு நெட்வொர்க். ஆக, கோளாறு பேங்க்கிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. அந்த நெட்வொர்க்கின் டவர் அந்த ஒன்றரை மணி நேரம் படுத்திருக்கிறது. எட்டு மணிக்கு மேல் சில பெட்டிகள் பழைய பாக்கியையெல்லாம் சேர்த்துக் கத்தியது அதனால்தான். சில பெட்டிகள் அப்படியே விட்டுவிட்டன.

அப்புறம் ‘பெண்டிங்’ என்று வருகிறதே, அது வேறு சமாச்சாரம். அங்கே பாதையே நடுவில் நிற்கிறது. வாங்குபவர் கணக்கில் கழிந்துவிட்டது, நம் பக்கத்திலிருந்து ‘வந்துவிட்டது’ என்ற பதில் இன்னும் போகவில்லை. ஒன்று, சற்று நேரத்தில் நமக்கு வந்து சேரும். இல்லையென்றால் அவருக்கே திரும்பும். பணம் கழிந்தும் கடைக்கு உறுதி வராவிட்டால், நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது 2019இல் ரிசர்வ் பேங்க் போட்ட விதி. அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. இதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொன்னால் பாதிச் சண்டை குறையும். அவர் சொல்வது பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள்; பெரும்பாலும் அவர் கணக்கில் நிஜமாகவே கழிந்திருக்கும்.

சரி, பெட்டி பேசாதபோது எதைப் பார்ப்பது? உங்கள் போனில் உள்ள வணிகர் செயலியில் வரவுப் பட்டியலைப் பாருங்கள். அவர் போனைப் பார்க்காதீர்கள். பச்சை டிக்கும் மணிச்சத்தமும் காட்டுகிற போலிச் செயலிகள் இருக்கின்றன. மளிகைக்கடையில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. பேங்க் கணக்கைப் பார்த்தும் குழம்ப வேண்டாம், கம்பெனி கொடுத்த கியூஆர் அட்டை என்றால் பணம் முதலில் கம்பெனி தரப்பில் சேர்ந்து, பல சமயம் மறுநாள்தான் நம் கணக்கில் மொத்தமாக ஏறும். சந்தேகம் வந்தால் அவரிடம் UTR என்று போட்டிருக்கும் 12 இலக்க எண்ணைக் கேட்டு, உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

நடைமுறையில் சிக்கல் இங்கேதான்: முதலாளி போன் வீட்டில், கல்லாவில் பையன். அவன் எதைப் பார்ப்பான்? வரவை மட்டும் பார்க்கிற மாதிரி வேலையாள் நம்பரைச் சேர்க்கும் வசதி பல வணிகர் செயலிகளில் உண்டு. அதில் அவனால் பணத்தை எடுக்க முடியாது, பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, பெட்டியை இரும்பு ரேக்குக்குப் பின்னால் வைக்காதீர்கள். சிக்னல் குறையும். வாசல் பக்கம் வையுங்கள். நம் ஜவுளிக்கடை அண்ணன் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார், அதையும் கொஞ்சம் நகர்த்தச் சொல்ல வேண்டும்.

‘பெட்டியைச் சரிசெய்து தருகிறேன், ஓடிபி சொல்லுங்கள், ரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. யாராவது ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கடை கடையாக வருகிறேன். பெட்டியை சார்ஜ் போட்டு வையுங்கள். கணக்கு எந்த நம்பரில் இருக்கிறதோ அந்தப் போனைக் கல்லாவில் வைத்திருங்கள், வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.