சம்மருக்கு முன்னாடி ஏசி சர்வீஸ் ஸ்லாட் ஓபன்

போஸ்ட் 1, திங்கள் காலை

மக்களே, போர்வைய மடிச்சு உள்ள வெக்கிற நேரம் வந்தாச்சு. இன்னும் ஒரு மாசத்துல வெயில் மண்டைய பொளக்கும், அன்னிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல ரிமோட்ட தேடுவீங்க, அதுல பேட்டரி செத்திருக்கும், அது தனிக்கதை.

விஷயம் இதுதான். நம்மகிட்ட ரெண்டு டீம் இருக்கு, ஒரு டீம் நாளைக்கு நாலு மெஷின்தான் பார்க்கும், ஆக மொத்தம் எட்டு. ஞாயிறு லீவு. அடுத்த திங்கள்ல இருந்து மூணு வாரத்துக்கு 144 ஸ்லாட். ஏன் ஆறு ஏழுன்னு எடுக்கலன்னு கேப்பீங்க, எடுத்தா ஃபில்டர தட்டிட்டு, மேல கொஞ்சம் தண்ணி அடிச்சிட்டு ஓடிடணும், அந்த மாதிரி சர்வீஸ் நாங்க பண்றதில்ல.

போன வாரம் ஒரு வீட்ல இன்டோர் கவர கழட்டினோம். ஃபில்டர் பளபளன்னு இருக்கு, மாசாமாசம் கழுவுறாங்களாம். ஆனா உள்ள ப்ளோயர் இருக்கே, அந்த நீள உருளை, அதோட ஒவ்வொரு பிளேடுலயும் கருப்பா பிசுபிசுன்னு ஒரு படலம், விரல வெச்சு இழுத்தா பஞ்சு மாதிரி திரண்டு வருது. கூலிங் வரல, காத்து வரல, போட்டவுடனே ஒரு புழுங்கின வாடைன்னு சொன்னதுக்கு காரணம் அதுதான். பையை கட்டி பிரஷர் பம்ப்ல கழுவினப்ப பக்கெட்ல இறங்கின தண்ணிய பார்த்துட்டு அந்த வீட்டம்மா "இதையா நாங்க மூச்சு இழுத்துட்டு இருந்தோம்"னாங்க.

புக் பண்ண இந்த நம்பருக்கே வாட்ஸ்அப்ல உங்க ஏரியா, எத்தனை மெஷின், ஸ்ப்ளிட்டா விண்டோவா, காலையா மதியமா, இவ்வளவு அனுப்புங்க போதும். ஒரு மெஷினுக்கு ஒரு ஸ்லாட்.

போஸ்ட் 2, வியாழன் சாயங்காலம்

முதல் வாரம் ஃபுல். ரெண்டாவது வாரத்துல 19, மூணாவதுல 30 மிச்சம் இருக்கு.

மூணு நாளா வர்ற மெசேஜ்ல பாதி "அண்ணா வருஷா வருஷம் கேஸ் ஏத்தணும்ல, அதையும் சேர்த்து பண்ணிடுங்க"ன்னுதான். இதுக்கு எல்லாருக்கும் சேர்த்தே பதில் சொல்லிடறேன். ஏசி கேஸ் வண்டி பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீராது, அது மூடின பைப்புக்குள்ளயே சுத்தி சுத்தி வர்றது. குறைஞ்சிருக்குன்னா எங்கயோ லீக். அத கண்டுபிடிச்சு அடைக்காம மேல மேல ஏத்தினா ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதைதான். நாங்க முதல்ல நட் ஜாயின்ட்ல சோப்பு நுரை வெச்சு பார்ப்போம், லீக் இருந்தா சரி பண்ணி, வேக்யூம் போட்டுட்டு அப்புறம்தான் கேஸ். ஆர்-32 மெஷின்னா கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை, அது தீப்பிடிக்கக்கூடிய கேஸ். கேஸ் சரியா இருந்தா சரியா இருக்குன்னு சொல்லிட்டு வந்துடுவோம், எங்களுக்கு வருமானம் போனாலும் பரவால்ல.

இன்னொன்னு, காயில்ல ஐஸ் கட்டுதுன்னா உடனே கேஸ் இல்லன்னு முடிவு பண்ணாதீங்க, ஃபில்டர் அடைச்சு காத்து போகலன்னாலும் ஐஸ் கட்டும்.

புக் பண்ண முன்னாடி இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. மெஷின 20ல வெச்சு கால் மணி நேரம் ஓட விடுங்க. அவுட்டோர் உறுமிட்டு ஃபேன் சுத்தாம நிக்குதா, உள்ள சொட்டுதா, வாடை வருதா, இதுல எது இருந்தாலும் மெசேஜ்லயே எழுதிடுங்க. கெப்பாசிட்டர் போனதா இருந்தா பையன் அத கையோட எடுத்துட்டு வருவான், ரெண்டு நடை மிச்சம். உறுமிட்டு நின்னா மட்டும் உடனே ஆஃப் பண்ணிடுங்க, கம்ப்ரசருக்கு நல்லதில்ல.

போஸ்ட் 3, அடுத்த வார சனிக்கிழமை

கடைசி ஆறு! புதன் மதியம் ரெண்டு, வியாழன் மூணு, வெள்ளி காலைல ஒண்ணு. அவ்ளோதான் இருக்கு.

வர முடியலன்னா முந்தின நாள் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க ப்ளீஸ், நேத்து ஒருத்தர் வீட்டு வாசல்ல பசங்க அரை மணி நேரம் நின்னாங்க, ஃபோன் ஸ்விட்ச் ஆஃப், அந்த ஸ்லாட்டுக்கு பதினோரு பேர் வெயிட்டிங்ல இருந்தாங்க. இன்டோருக்கு கீழ கட்டிலோ டிவியோ இருந்தா நகர்த்தி வெச்சிடுங்க. அவுட்டோர் பால்கனில கிரில்லுக்குள்ள இருந்தா அந்த சாவிய தேடி எடுத்து வைங்க, நாங்க வந்தப்புறம் தேட ஆரம்பிச்சா அடுத்த வீட்டுக்காரங்க எங்கள திட்டுவாங்க. குளிர்ல அவுட்டோருக்கு சாக்கோ கவரோ போட்டு மூடினவங்க அத கழட்டாம ஆன் பண்ணிடாதீங்க.

ஸ்லாட் முடிஞ்சப்புறம் வர்றவங்கள வெயிட்டிங் லிஸ்ட்ல போடுவோம், யாராவது கேன்சல் பண்ணா வரிசைப்படி கூப்பிடுவோம். "தெரிஞ்சவங்கதானே, நாளைக்கே அனுப்பு மாமா"ன்னு சொல்ற என் அக்கா பையனும் அந்த லிஸ்ட்ல நாலாவதாத்தான் இருக்கான்.