விருந்தினர் இல்ல இணையத்தளம்: பேசிய வேலையும் பிறகு சேர்ந்த வேலையும்

வணக்கம் அண்ணா,

நேற்றிரவு அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன். மூடுபனி விலகும் நேரத்தில் பல்கனியில் எடுத்த படம் அருமை. முதல் பக்கத்தில் அதையே போட்டுவிட்டேன்.

பண்டாரவளையில் பேசிக் கையெழுத்து வைத்தது ஆங்கிலத்தில் ஆறு பக்கம், ஒரு விசாரணைப் படிவம், இரண்டு முறை திருத்தம், மொத்தம் 90,000 ரூபாய். ஐந்து பக்கம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் கேட்டவற்றை இன்று ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன்: அப்புத்தளை ஸ்டேஷனிலிருந்து வரும் வழிக்கு வரைபடம், லிப்டன் சீட் பயணத்துக்கு ஒரு பக்கம், தமிழ், சிங்களப் பதிப்புகள், மச்சானின் ஆட்டோவுக்குத் தனிப் பக்கம், இப்போது ஒன்லைன் புக்கிங். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன வேலைதான். சேர்த்தால் இன்னொரு இணையத்தளம் வந்துவிடுகிறது.

வரைபடத்தை ஏற்கெனவே போட்டுவிட்டேன், அதற்குக் காசு வேண்டாம். மற்றவை பேசிய தொகைக்குள் அடங்காது அண்ணா. லிப்டன் சீட் பக்கமும் ஆட்டோ பக்கமும் ஒவ்வொன்றும் 6,000 ரூபாய். மொழிபெயர்ப்பை நீங்கள் தந்தால், பதிப்பு ஒன்றுக்கு 12,000.

ஒன்லைன் புக்கிங்தான் பெரிய வேலை. கார்டில் காசு வாங்க வேண்டுமென்றால் வங்கிக்கு உங்கள் வியாபாரப் பதிவும் கணக்கு விபரமும் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். அதை உங்களுக்குப் பதிலாக நான் செய்ய முடியாது. அதோடு, நீங்கள் இப்போதே புக்கிங் டொட் கொம்மிலும் ரூம் போட்டிருக்கிறீர்கள். இரண்டு நாட்காட்டியும் ஒன்றோடொன்று சரியாகப் பேசாவிட்டால் ஒரே ரூமை இரண்டு பேருக்கு விற்றுவிடுவோம். ஏப்ரல் சீசனில், பிள்ளைகுட்டியோடு வந்து வாசலில் நிற்பவர்களிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவசரத்தில் செய்யும் வேலை இல்லை இது. தனி ஒப்பந்தமாக 45,000 ரூபாய், அனுமதி கிடைத்ததிலிருந்து மூன்று வாரம்.

என் யோசனை: பேசிய ஆறு பக்கத்தையும் சீசனுக்கு முன்னால் திறந்துவிடுவோம். விசாரணைப் படிவத்தோடு வாட்ஸ்அப் பொத்தானையும் வைக்கிறேன், சீசனுக்கு அதுவே போதும். கூட்டம் குறைந்த பிறகு புக்கிங்கைப் பார்ப்போம். இல்லை, இப்போதே எல்லாம் வேண்டும் என்றால் அதுவும் சரி. புதிய வேலைக்குப் பாதி அட்வான்ஸ் தாருங்கள். திறக்கும் தேதி மட்டும் மே மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

இன்னொரு சின்ன விஷயம். இனித் திருத்தங்களை வெள்ளிக்கிழமை ஒரே மின்னஞ்சலில் அனுப்பினால் நல்லது. இரவில் வரும் வொய்ஸ் மெசேஜில் ஒன்றிரண்டு தவறிப்போகிறது, விலைப்பட்டியல் திருத்தம் அப்படித்தான் தவறப் பார்த்தது.

எந்த வழி என்று புதன்கிழமைக்குள் ஒரு வரி எழுதுங்கள். ஆறாவது பக்கத்துக்கு அண்ணியின் சமையல் படங்கள் இன்னும் வரவில்லை, அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
கௌரி
ஹட்டன்