இடதுபுறம் இருப்பது என் சேலை, வலதுபுறம் இருப்பதும் என் சேலையே

படத்தில் இடதுபுறம் நிற்பவள் நான், வலதுபுறம் நிற்பவள் என் மகள். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் எடுத்த படம் இது. பின்னால் கீழே மங்கலாகத் தெரிவது எங்கள் சேலம். மாந்தளிர் நிற உடலும் அரக்குக் கரையுமாக இருவரும் ஒரே மாதிரிச் சேலை உடுத்தியிருப்பதால், யாருடையதை யார் கட்டியிருக்கிறீர்கள் என்ற கேள்வி சித்திமார்களிடமிருந்தும் அத்தைமார்களிடமிருந்தும் எப்படியும் வரும் என்பதை அறிந்து, வழக்கின் முழு விவரத்தையும் இங்கேயே பதிவு செய்கிறேன்.

மகள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு என் தோளைத் தாண்டி வளர்ந்தாள். அன்று முதல் எங்கள் வீட்டு பீரோவில் என் தட்டு, அவள் தட்டு என்ற எல்லை அழிந்தது. முதலில் துப்பட்டாக்கள் போயின, பிறகு காட்டன் சேலைகள், அதன்பின் நான் விசேஷத்துக்கென்று பொத்தி வைத்திருந்த பட்டும் போயிற்று. இதை அவள் இரவல் என்று சொல்வதில்லை, "பயன்படாமல் கிடந்ததைப் பயன்படுத்தினேன்" என்பாள். எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுவதே நியாயம் என்பதால் இதையும் எழுதுகிறேன்: ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்துக்குள் போகும்போது நான் அணிவது அவளுடைய குர்தியைத்தான், ஏனெனில் அதற்கு இரண்டு பக்கமும் பாக்கெட் இருக்கிறது. கைப்பேசியையும் சில்லறையையும் இடுப்பில் செருகிக்கொண்டு நெரிசலில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இந்த வழக்கைத் தீர்க்கத்தான் இளம்பிள்ளைக்குப் போனோம். கல்யாணத்துக்கு வைத்துக் கொடுப்பதற்காக ஒரே டிசைனில் பத்துப் பன்னிரண்டு சேலை கேட்பவர்களுக்குப் பழகிய ஊர் அது. எங்களுக்கு வேண்டியது இரண்டே இரண்டு என்றதும் கடைக்காரர் சற்று ஏமாற்றத்துடன்தான் எடுத்துப் போட்டார். ஆளுக்கொன்று இருந்தால் இரவலுக்கு அவசியமே இராது என்பது என் கணக்கு. நடந்தது வேறு. முன்பெல்லாம் என் சேலை அவள் மேல் இருந்தால் தெருமுனையிலிருந்தே அடையாளம் தெரியும். இப்போது அவள் என்னுடையதைக் கட்டிக்கொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்து காபி குடித்தாலும் என்னால் நிரூபிக்க முடிவதில்லை.

ஆனால் ஒரு தடயம் உண்டு. என் சேலைக்கு ஃபால்ஸ் தைத்தது நான், கையால். அவளுடையதற்குத் தைத்தது டெய்லர், மெஷினில். காற்றில் கரை லேசாகப் புரண்டிருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வலதுபுறச் சேலையின் ஓரத்தில் சற்றுக் கோணலாக ஓடுவது என் கைத்தையல். அப்படியென்றால் நான் உடுத்தியிருப்பது அவளுடையது. கடைவீதியில் தட்டுவடை செட் தின்றபோது சிவப்புச் சட்னியைச் சிந்திய அந்தச் சேலையை, மடித்த வாக்கிலேயே என் தட்டில் வைத்துவிட்டு, என்னுடையதை அவள் எடுத்துக்கொண்டாள். கறையைக் கொசுவத்துக்குள் மடித்து மறைத்துத்தான் நான் இவ்வளவு மலர்ச்சியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ரவிக்கை தனிக்கதை. உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைக்கச் சொன்னது பிற்காலத்தில் எனக்கு உதவும் என்றுதான். அவளோ என் ரவிக்கையில் உள்பக்கமாக ஒரு தையலைப் போட்டுத் தன் அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறாள், நான் அதைப் பிரித்து என் அளவுக்குத் திருப்புகிறேன். துணி இன்னும் கிழியாமல் இருப்பது நெய்தவர்களின் பெருமை. "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்" என்று என் அம்மா அடிக்கடி சொல்வார். அவர் பேத்தி எறிவதில்லை, இரண்டையும் வைத்துக்கொள்கிறாள்.

கொலுசில் மட்டும் அவள் ஜெயிக்க முடிவதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய என் பழைய கொலுசுக்கு முத்து அதிகம். யார் காலில் இருக்கிறது என்பதை அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவேன்.

படம் எடுத்தவர் என் கணவர். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பொறுமையாக ஏற்றி எங்களைக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவரே. வீட்டில் இதுவரை இரவல் போகாத துணி அவருடைய வெண்பட்டு வேட்டி ஒன்றுதான். மகளின் தோளில் கிடக்கும் சாம்பல் நிற ஸ்வெட்டர் யாருடையது என்று கேட்க நினைப்பவர்கள், இரண்டாவது படத்தில் கையைக் கட்டிக்கொண்டு குளிரில் நிற்பவரைப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை அந்த ஸ்வெட்டர் எனக்கு என்று ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று. அதுபற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை.