ஜூன் மாதம் முதல் டியூஷன் கட்டண மாற்றம்

திருநகர், மதுரை
30 மார்ச் 2025

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் ஜூன் முதல் டியூஷன் கட்டணத்தை உயர்த்த வேண்டியிருக்கிறது. மாதக் கடைசியில் திடீரென்று சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதால் இப்போதே எழுதுகிறேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் பழைய கட்டணமே. இப்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு இந்தக் கடிதம் பொருந்தாது.

ஆறு முதல் எட்டு வரை, வாரம் மூன்று நாள் கணக்குப் பாடத்துக்கு இப்போது 1,500 ரூபாய் வாங்குகிறேன். அது 1,700 ஆகும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் சேர்த்து வாரம் நான்கு நாளுக்கு 2,500 வாங்குவது 3,000 ஆகும். ஒரே வீட்டில் இரண்டாவது பிள்ளை படித்தால் அந்தப் பிள்ளைக்கு எப்போதும்போலப் பாதிதான்.

கடைசியாகக் கட்டணத்தை மாற்றியது 2022 ஜூனில். பெட்ரோல் விலையைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். லிட்டர் நூறு ரூபாயை ஒட்டித்தான் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. வீட்டு வாடகை, மளிகை, ஜெராக்ஸ் செலவெல்லாம் கூடியிருக்கின்றன, அது உங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் முக்கியமான காரணம் நேரம்.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் என்று பேசித்தான் தொடங்கினோம். இப்போது எந்த வீட்டிலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. அது தேவையான நேரம் என்றே நினைக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் இரண்டு எட்டு மார்க் கேள்விகள் வருகின்றன, ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதையோ, வரைபடத் தாளில் அளவுத்திட்டம் எடுத்துப் புள்ளிகளைக் குறிப்பதையோ வாயால் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்ப முடியாது. பிள்ளை காம்பஸைப் பிடித்து வரைய வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், தப்பினால் அழித்து மறுபடி வரைய வேண்டும். அந்த 16 மார்க்கும் பழகினால் முழுதாக வாங்கக்கூடியது. அவசரப்பட்டுச் சொல்லிக்கொடுத்து அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எனவே ஜூன் முதல் இந்த இரு வகுப்புகளுக்கும் ஒன்றரை மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். சின்ன வகுப்புகளுக்கு நேரம் மாறாது, அதனால் உயர்வும் குறைவாகத்தான் வைத்திருக்கிறேன்.

கட்டணத்தை ஏற்றாமல் சமாளிக்க இன்னொரு வழி இருந்தது. வீடு வீடாகப் போவதை நிறுத்திவிட்டு, என் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேரை ஒன்றாக உட்காரவைக்கலாம். பலரும் நன்றாகவே அப்படி நடத்துகிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை எந்த வரியில் குறியை மாற்றிப்போடுகிறது, எந்த வாய்ப்பாட்டில் தடுமாறுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்துவதற்குத்தான் நீங்கள் என்னை வீட்டுக்கு அழைக்கிறீர்கள். அதைக் கைவிட எனக்கு விருப்பமில்லை.

எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதுக்குப் போகும் வீடுகளுக்கு ஒரு விஷயம். அறிவியலும் கூடுதல் நாளும் சேர்வதால் உங்களுக்கு ஒரேயடியாக 1,500-லிருந்து 3,000 ஆகிவிடும். அது பாரம். அதனால் காலாண்டுத் தேர்வு வரை, அதாவது செப்டம்பர் மாதம் முடிய, 2,500 கொடுத்தால் போதும். அக்டோபரிலிருந்து புதிய கட்டணம்.

மற்றபடி நடைமுறை எதுவும் மாறாது. பணம் மாதம் 5-ஆம் தேதிக்குள், ஜிபேயிலோ கையிலோ. நான் வர முடியாத நாளுக்கு அதே மாதத்தில் வேறொரு நாள் ஈடுசெய்வேன். அப்படி முடியாமல் போனால் அடுத்த மாதப் பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை டெஸ்ட் தாள்களைத் திருத்தி உங்கள் பார்வைக்கு அனுப்புவதும் தொடரும். தாள், ஜெராக்ஸ் என்று தனியாக எதுவும் கேட்க மாட்டேன். 2026 மே வரை இந்தக் கட்டணம்தான்.

யாருக்காவது இந்தத் தொகை கஷ்டமாக இருந்தால், தயங்காமல் மே 15-க்குள் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது கொஞ்ச நாள் பழைய கட்டணத்திலேயே தொடரலாம். பேசி முடிவு செய்வோம். தயவுசெய்து இந்தப் பேச்சைப் பிள்ளைகள் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டாம். தன்னால்தான் வீட்டில் செலவு என்று அவர்கள் நினைத்துக்கொண்டு நோட்டைத் திறப்பது நல்லதல்ல. நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாலும் அதே தேதிக்குள் சொல்லுங்கள், எனக்கு வருத்தம் இருக்காது. இதுவரை நடத்திய பாடக் குறிப்புகளையும் டெஸ்ட் தாள்களையும் ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிடுவேன், அடுத்து சொல்லிக்கொடுப்பவருக்கு உதவும்.

தொடர்வதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் ‘சரி’ என்று ஒரு வரி போதும். அதை வைத்துத்தான் ஜூன் மாத நேர அட்டவணையைப் போடுவேன். மாலை நேரத்தை மாற்ற வேண்டுமென்றாலும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
செல்வி
கணக்கு, அறிவியல் டியூஷன் ஆசிரியை