சைக்ளிக் வோல்டாமெட்ரி: ஃபெர்ரிசயனைடு உச்சிகளைப் படித்தல்
முதுநிலை வேதியியல் செய்முறைக் குறிப்பு

கரைசல்: 100 மி.லி. குடுவையில் 65.8 மி.கி. பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, 7.46 கிராம் பொட்டாசியம் குளோரைடு. வாலை வடிநீரில் கரைத்துக் குறிவரை நிரப்பினால் 2 mM ஃபெர்ரிசயனைடும் 1 M KCl-உம் கிடைக்கும். மண்டபத்துக் கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்க உப்பை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும், உண்மைதான். ஆனால் அதில் கால்சியம், மக்னீசியம், புரோமைடு, கரிமப் பொருள் எல்லாம் கலந்திருக்கும். கரிமப் பொருள் மின்முனையில் படிந்து உச்சியையே மழுக்கிவிடும்.

செயல் மின்முனை 3 மி.மீ. கண்ணாடிக் கார்பன், துணை மின்முனை பிளாட்டினக் கம்பி, குறிப்பு மின்முனை Ag/AgCl. கண்ணாடிக் கார்பனை 0.05 மைக்ரான் அலுமினாவில் எட்டு வடிவத்தில் தேய்த்துக் கழுவுங்கள். முதலைக் கிளிப்புகளையும் பாருங்கள். இந்த உப்புக் காற்றில் அவை சீக்கிரம் பச்சை பிடிக்கும். பச்சை தெரிந்தால் உப்புத்தாளால் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

முதலில் ஃபெர்ரிசயனைடு இல்லாமல் வெறும் KCl-இல் ஒரு ஸ்கேன். அதில் உச்சி ஏதும் தெரியக் கூடாது. அப்புறம் ஃபெர்ரிசயனைடு கரைசலில் +0.6 V-இல் தொடங்கி −0.1 V வரை இறங்கி, மீண்டும் +0.6 V-க்கு வாருங்கள். வேகம் 100 mV/s. ஸ்கேன் நடக்கும்போது கரைசலைக் கலக்காதீர்கள், மேசையையும் தட்டாதீர்கள்.

இறங்கும்போது ஃபெர்ரிசயனைடு ஒடுக்கமடைந்து ஃபெர்ரோசயனைடாகும். மின்னழுத்தம் இறங்க இறங்க வினை விரைவுபட்டு மின்னோட்டம் ஏறும். ஆனால் மின்முனையை ஒட்டிய அடுக்கில் சரக்கு தீர்ந்துகொண்டே வரும். தூரத்திலிருந்து விரவி வருவது ஈடுகொடுக்காது. ஏறிய மின்னோட்டம் திரும்பி விழும் அந்த இடம்தான் உச்சி. அதைத் தாண்டிய வால், கரைசல் காலியாகிவிட்டது என்று சொல்லவில்லை. விரவல் அடுக்கு தடித்துக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். திரும்பும்போது மின்முனை அருகே குவிந்திருக்கும் ஃபெர்ரோசயனைடு ஆக்சிஜனேற்றமடைந்து எதிர்த்திசை உச்சியைத் தரும்.

ஒரு மாதிரி வரைபடத்தில் ஒடுக்க உச்சியின் மின்னழுத்தம் Epc = 0.228 V, ஆக்சிஜனேற்ற உச்சியின் மின்னழுத்தம் Epa = 0.294 V என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் சராசரி 0.261 V, இதுவே E1/2. இடைவெளி 66 mV. ஒரு எலக்ட்ரான் மீள் வினைக்குக் கோட்பாடு சொல்வது 25 °C-இல் 57 mV. நம் அறை 32 °C-ஐத் தொட்டால் 58. மீதி எட்டு, பத்து mV கரைசலின் தடையாலும் மின்முனைப் பரப்பின் நிலையாலும் வருவது. மாணவர் ஆய்வகத்துக்கு 66 நல்ல எண். 90-ஐத் தாண்டினால் மீண்டும் மெருகேற்றுங்கள். அப்போதும் குறையவில்லையா? கரைசலை KCl-இன் அளவு மாறாமல் நீர்த்துப் பாருங்கள். இடைவெளி சுருங்கினால் கரைசல் தடைதான் குற்றவாளி. சுருங்காவிட்டால் எலக்ட்ரான் பரிமாற்றம் மந்தம்.

உச்சியின் உயரத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். முன்னோக்கிய உச்சிக்கு, அது எழுவதற்கு முந்தைய தட்டையான பகுதியை அளவுகோலால் நீட்டி, அங்கிருந்து உயரத்தை அளக்க வேண்டும். மென்பொருள் தானாகக் குறிக்கும் உச்சியை நான் நம்புவதில்லை. திரும்பும் உச்சிக்கோ அடிக்கோடு பூஜ்யக் கோடு அல்ல. முன்னோக்கிய உச்சியின் தேய்ந்துகொண்டிருக்கும் வாலே அதன் அடிக்கோடு. மீள் வினையில் இரு உச்சிகளின் உயர விகிதம் 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து அளந்தால் என்ன ஆகும்? ஒடுக்க உச்சி 32 µA, திரும்பும் உச்சி 23 µA என்றால் விகிதம் 0.72. உடனே "மீளாத வினை" என்று ரெக்கார்டில் எழுதிவிடுவார்கள். வாலை நீட்டிப் பார்ப்பது கடினமாக இருந்தால் நிக்கல்சன் 1966-இல் தந்த திருத்தம் கைகொடுக்கும்:

```
விகிதம் = (ir)0/if + 0.485 (is)0/if + 0.086
```

if முன்னோக்கிய உச்சி. (ir)0 பூஜ்யத்திலிருந்து அளந்த திரும்பும் உச்சி. (is)0 திசை திரும்பும் −0.1 V-இல் உள்ள மின்னோட்டம், இங்கே 11 µA. மூன்றுக்கும் அளவை மட்டும் எடுங்கள், குறியை விடுங்கள். 0.719 + 0.167 + 0.086 = 0.97. இப்போது சரி.

அடுத்து 25, 50, 100, 200 mV/s வேகங்களில் ஸ்கேன் செய்து, உச்சி மின்னோட்டத்தை வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரையுங்கள். விரவல் மட்டுமே ஆளும் வினை என்றால் ஆதிப்புள்ளி வழியாக நேர்கோடு வரும்; வேகம் நான்கு மடங்கானால் உச்சி இரு மடங்கு. 25 °C-க்கான ராண்டில்ஸ்–செவ்சிக் சமன்பாடு:

```
ip = 2.69×10^5 n^(3/2) A D^(1/2) C v^(1/2)
```

எலக்ட்ரான் எண்ணிக்கை n = 1, மின்முனைப் பரப்பு A = 0.0707 cm², விரவல் குணகம் D = 7.6×10⁻⁶ cm²/s, செறிவு C = 2×10⁻⁶ mol/cm³, ஸ்கேன் வேகம் v = 0.1 V/s என்று போட்டால் உச்சி மின்னோட்டம் ip 33 µA. செறிவை mol/cm³-இல் போடாமல் லிட்டர் கணக்கில் போட்டால் விடை ஆயிரம் மடங்கு எகிறும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் கரைசலைக் கலக்கி, ஒரு நிமிடம் அடங்க விடுங்கள்; இல்லையென்றால் மின்முனை அருகே பழைய விரவல் அடுக்கு மிச்சமிருக்கும்.

கழிவை மூடியுள்ள தனிப் பாட்டிலில் ஊற்றுங்கள். அமிலக் கழிவோடு மட்டும் சேர்க்கவே கூடாது. ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பலாம்.